விதை என்று நான் எழுதாத படிவம்

ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் பக்கத்து இறப்பர் மரங்களில் காய் வெடிக்கும். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். மத்தியானத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து, விதை தகரக் கூரையில் விழுந்து உருளும் சத்தம். தோட்டத்தில் வேலை பார்த்த முப்பத்தைந்து வருஷமும் இந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தேன். ஒருநாளும் அதைக் காதில் வாங்கியதில்லை. இப்போது ஒவ்வொன்றும் கேட்கிறது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். அறுநூறு வரை எண்ண வேண்டும் என்று மனம் சொல்கிறது. அறுநூறு விதைகள். நாற்பது கழுத்து மாலைகள், மாலைக்குப் பதினைந்து விதை.

எஹலியகொடைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் கொழும்பில். தோட்டத்து எல்லையில், பஸ் திரும்பும் சந்திக்குப் பக்கத்தில் சிறிய வீடு. மகன் விட்டுப்போன பழைய கணினி ஒன்று மேசையில் இருந்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த கிழவன் என்பதால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் ஓய்வூதியக் கடிதம், காணி மனு என்று எதையாவது கொண்டுவருவார்கள். அப்படித்தான் அவளும் வந்தாள்.

இறப்பர் பால் வெட்டும் பெண். முப்பது வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன் இரத்தினபுரியில் ஒரு நகைப் பட்டறையில் நாலு வருஷம் கம்பி வேலை பழகியவள். கணவன் வேறு குடும்பத்தோடு போய்விட்டான். இரண்டு பெண்பிள்ளைகள். கையிலிருந்த பொலித்தீன் பையிலிருந்து ஒரு மாலையை எடுத்து என் மேசையில் வைத்தாள். பழுப்பில் வெள்ளிப் புள்ளிகள் சிதறிய வழவழப்பான மணிகள். ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பி கொடிபோலச் சுற்றியிருந்தது.

“ஐயா, இது வெல போகுமுங்களா?”

“யாரு செஞ்சது?”

“நாந்தாங்க. ரப்பர் கொட்டைங்க. ஓட்டை போட்டு அவிச்சி, உள்ள பருப்ப கம்பியால கொடைஞ்சி எடுத்திட்டு, வார்னிஷ் பூசியிருக்கேன். கம்பி செம்பு, மேல வெள்ளி முலாம்.”

“நம்ம காலுக்குக் கீழ கெடக்குற கொட்டைய யாரு புள்ள காசு குடுத்து வாங்குவா?”

“இங்கிலீசு தெரிஞ்சவங்க வாங்குவாங்களாம். உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே.”

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. நான்தான் சிரித்தேன். இரத்தினபுரிக் கல் ஒன்றிரண்டு வைத்தால் இன்னும் நன்றாக விலைபோகுமே என்று கேட்டேன். கல் வைத்த நகையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேறு அனுமதி, வேறு அலுவலகம், நமக்கு வேண்டாம் என்றாள். பட்டறையில் பார்த்திருக்கிறாள். சட்டத்துக்கு ஒதுங்கி நடப்பதில் அவள் என்னைவிடக் கவனமாக இருந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கைவேலைப் பொருள்களை விற்கும் இணையச் சந்தை ஒன்றில் அவளுக்குக் கடை திறந்து கொடுத்தேன். படம் அவள் போனில் எடுத்தது. எழுத்து என்னுடையது. விலை போடும் இடம் வந்தது.

“எவ்வளவு போடலாம்?” என்றேன்.

“நாலு நாள் வேலைங்க. வெட்டு முடிஞ்சி வந்துதான் செய்றேன். நாலு அரைநாள்னு வச்சிக்குங்களேன்.”

அவள் சொன்னதையும் கம்பி விலையையும் கூட்டி, அன்றைய டொலர் விகிதத்தால் வகுத்துப் பதினெட்டு டொலர் என்று போட்டேன். கொஞ்சம் குறைவாகப் போட்டால்தான் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ‘அனுப்பும் செலவு விலையில் அடங்கும்’ என்ற கட்டத்திலும் சரி போட்டுவிட்டேன். அப்படிப் போட்டால் கடை மேலே தெரியும் என்று அந்தத் தளமே சொன்னது. முதல் மாலை இங்கிலாந்துக்குப் போனது. தபால் கந்தோரில் பொதியை நிறுத்துக் கட்டணத்தைச் சொன்னபோதுதான் விழித்தேன். விலையில் பாதிக்கு மேல் முத்திரைக்கே போனது. சந்தைக்காரர் தன் பங்கை எடுத்தார். பணத்தைக் கைமாற்றிவிடும் கம்பனி தன் பங்கை எடுத்தது. வங்கி, பத்திரிகையில் பார்த்த விகிதத்தில் அல்ல, தான் டொலரை வாங்கும் விகிதத்தில் மாற்றியது. மிச்சத்தை அவள் கையில் வைத்தேன்.

அவள் எண்ணிப் பார்த்தாள். “ஒரு பேரு கூட வரலீங்களே ஐயா.” தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.

“முதல் வியாபாரம் அப்படித்தான்.”

“பரவாயில்லீங்க. லண்டன்ல ஒரு பொம்பள கழுத்துல நம்ம கொட்டை தொங்குது. அதுக்கு ஒரு பேரு போனா போகட்டும்.”

அதன்பின் திருத்திக்கொண்டேன். பொருளின் விலை தனி, அனுப்பும் செலவு நாட்டுக்கு நாடு தனி. ரூபாயில் கணக்குப் பார்த்து மாற்றுவதை விட்டு, டொலரிலேயே விலையை நிறுத்தினேன். ரூபாய் சரிந்த வருஷத்தில் அதே டொலருக்குக் கூடுதல் ரூபாய் வந்தது. அவள் மகிழ்ந்த அதே மாதம் செம்புக் கம்பியின் விலை இரட்டிப்பானது. அதுவும் வெளிநாட்டிலிருந்து வருவதுதானே. இதையெல்லாம் நாங்கள் அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றோம். நான் கற்காத ஒன்று சுங்கப் படிவம். அது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வெளிநாட்டுக்குப் போகும் பொதியின் மேல் ஒரு சிறிய படிவம் ஒட்ட வேண்டும். உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன பெறுமதி. அன்பளிப்பா, மாதிரியா, விற்பனைப் பொருளா என்பதற்குக் கட்டங்கள். கீழே, எழுதியவை சரி என்றும் தடைசெய்யப்பட்டது எதுவும் உள்ளே இல்லை என்றும் கையெழுத்து. முதல் பொதியிலேயே அன்பளிப்பு என்ற கட்டத்தில் சரி போட்டேன். பெறுமதி பத்து டொலர். உள்ளே இருப்பது ‘அலங்கார மணிகள்’. விதை என்று எழுதவில்லை. எழுதினால் யாராவது எதையாவது கேட்பார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்தில் வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்போம். பாலில் எத்தனை இறப்பர், எத்தனை தண்ணீர் என்று அது காட்டும். அதை வைத்து ஆளுக்கு இத்தனை கிலோ என்று எழுதுவோம். மாதக் கடைசியில் தொழிற்சாலையில் காய்ந்த இறப்பரின் எடை என் புத்தகத்துக் கூட்டலைவிடக் குறைந்தால் துரை என்னைக் கூப்பிடுவார். கூடினால் கூப்பிட மாட்டார். ஆகவே குழாய் காட்டியதற்கு ஒரு கோடு கீழேயே எழுதினேன். எல்லாருக்கும். இவளுடைய அம்மாவுக்கும். ஒருநாள் பால் கொட்டில் வாசலில் அந்த அம்மா என் பேனாவைப் பார்த்துக்கொண்டே, “ஐயாவுக்கு கொறைச்சே எழுதுற கை” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இறந்து வருஷங்கள் ஆகின்றன. குறைத்து எழுதினால் கேள்வி வராது என்பது ஒன்றுதான் நான் அலுவலகத்தில் கற்ற பாடம். அதையே படிவத்துக்கும் கொண்டுபோனேன். ஏழெட்டு மாலைகள் அப்படியே போய்ச் சேர்ந்தன. கேள்வி வரவில்லை.

பிறகு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் எழுதினாள். கடற்கரை ஊர் ஒன்றில் சின்னக் கடை வைத்திருப்பவள். ஒரு மாலை வாங்கிய தன் தோழியிடம் பார்த்தாளாம். டிசம்பர் நத்தார் பண்டிகைக் காலத்துக்கு நாற்பது மாலை வேண்டும், நல்லபடி போனால் வருஷத்துக்கு மூன்று தடவை எடுப்பேன் என்றாள். நான் ஒரு மாலைக்கு இத்தனை டொலர் என்று எழுதினேன். அவள் திரும்ப எழுதினாள்: எந்த நாட்டு டொலர்? உங்கள் மனதில் இருப்பது அமெரிக்க டொலர் என்றால் என் நாட்டுப் பணத்தில் அதைவிடக் கூடுதலாக வரும், இரண்டு பேரும் முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏமாற்ற நினைப்பவள் இதைக் கேட்டிருக்க மாட்டாள். சும்மா இருந்து தன் நாட்டு டொலரையே அனுப்பியிருப்பாள். பாதிப் பணத்தை முன்னதாகவே அனுப்பினாள்.

அந்த நேரத்தில் மாலை செய்யும் எங்கள் பெண் பாஸ்போர்ட் எடுத்துவிட்டிருந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜன்ட் லயத்துக்கு இரண்டு தடவை வந்து போயிருந்தான். என் வாசலில் நின்று அவள் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது.

“வருஷத்துக்கு மூணு தடவைன்னா நான் போக மாட்டேங்க. வெட்டையும் விட்டுட்டு இதையே செய்வேன். புள்ளைகள விட்டுட்டு எங்க போறது? இது சரியாப் போனா ஏஜன்ட்டுக்கு வேண்டாமுன்னு சொல்லிப்புடுவேன்.”

ஆக, அந்த நாற்பது மாலைகளில் தொங்கியது இதுதான். அவள் பிள்ளைகளோடு இருப்பாளா, போவாளா என்பது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு மாதம் அவள் வேலை செய்தாள். முதலில் நாலு அரைநாள் எடுத்த மாலை, கை பழகியதால் இப்போது ஒன்றரை அரைநாளில் முடிந்தது. விடியற்காலையில் வெட்டு, மத்தியானத்திலிருந்து மாலை கட்டும் வேலை. துளை போடும் ஊசி இடது பெருவிரலில் ஏறி, நகம் கறுத்துப்போய், அந்த விரலை நீட்டிக்கொண்டே கம்பி சுற்றினாள். பருப்பு ஒரு துளி உள்ளே தங்கினாலும் எண்ணெய் கசிந்து நாறும், பூச்சி வரும் என்று ஒவ்வொரு விதையையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் திரும்பக் குடைவாள்.

அவுஸ்திரேலியப் பெண் ஒரு நீண்ட கடிதம் அனுப்பினாள். எங்கள் நாட்டில் விதை, மரம், தோல் எது வந்தாலும் கடுமையாகப் பார்ப்பார்கள். ஆகவே படிவத்தில் விதை என்றே எழுதுங்கள். மரத்தின் பெயர், அவித்தது, பருப்பு எடுத்தது, வார்னிஷ் பூசியது எல்லாம் எழுதுங்கள். உங்கள் நாட்டில் தாவரங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் இருக்கும், அந்தத் தாளையும் வையுங்கள். இது விற்பனை, அன்பளிப்பு என்று போட வேண்டாம். உண்மையான விலையை எழுதி விலைப்பட்டியலும் வையுங்கள். வரி வந்தால் நான் கட்டுகிறேன்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் எழுத முடியாது. நான் அதை அச்செடுத்து, இரண்டு தடவை வாசித்து, மடித்து வைத்தேன். எங்கள் பெண்ணுக்குச் சொல்லவில்லை. சான்றிதழுக்கு விமான நிலையத்துப் பக்கம் போய் அலைய வேண்டும், ஒருநாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை போகச் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை பொதிகள் அனுப்பியவனுக்கு ஒரு கடைக்காரி பாடம் எடுக்கிறாளே என்றும் ஒரு எண்ணம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

நாற்பது மாலையும் இரண்டு கிலோவுக்கு மேல் வந்தது. இரண்டு கிலோ வரை சிறு பொதியாகக் குறைந்த கட்டணத்தில் போகும். அதற்கு மேல் என்றால் கட்டணமும் கூடும், படிவமும் பெரிது. ஆகவே இருபது இருபதாக இரண்டு பொதி கட்டினேன். இரண்டிலும் ஒன்றையே எழுதினேன். அன்பளிப்பு. அலங்கார மணிகள். பெறுமதி இருபது டொலர். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து மிச்சப் பணத்தை அவளிடம் கொடுத்தேன்.

“இவ்வளவு மிச்சமா ஐயா? நல்லவேளை நீங்க இருந்தீங்க.”

ஒரே ஆள், ஒரே விலாசத்துக்கு, ஒரே நாளில், ஒரே எடையில் இரண்டு அன்பளிப்புகள். எந்தச் சுங்க அதிகாரிக்கும் சந்தேகம் வரும். இரண்டையும் திறந்து பார்த்தார்கள். மணி என்று எழுதிய இடத்தில் விதை இருந்தது.

அவுஸ்திரேலியப் பெண்ணுக்குச் சுங்கத்திலிருந்து அறிவித்தல் போனது. அவள் அதன் படத்தை எனக்கு அனுப்பினாள். முப்பது நாள் அவகாசம். கிருமி நீக்கலாம், திருப்பி அனுப்பலாம், அழிக்கலாம். கிருமி நீக்குவதென்றால் இது என்ன விதை, எப்படிப் பதப்படுத்தியது என்று அனுப்பியவர் கையெழுத்திட்ட கடிதமும், சரியான விலைப்பட்டியலும் வேண்டும். படிவம் பிழையாக நிரப்பப்பட்டது என்பதையும் அனுப்பியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றாள்.

ஒரு பக்கம். வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன். நான் எழுதவில்லை. பிழையாக நிரப்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் பெயர் எங்கோ ஒரு கணினியில் பதியும், பொலிஸ் வரும், என் பிள்ளைகள் அறிவார்கள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், எங்கள் பெண் அறிவாள் என்பது. நாளைக்கு எழுதலாம் என்று பத்து நாள் போனது. கடைக்காரி மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். பிறகு கணினியையே திறக்காமல் இருந்தேன். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு திறந்தபோது ஒரு சிறிய கடிதம் இருந்தது. அழித்துவிட்டார்கள். முன்பணத்தை மாலை செய்தவளே வைத்துக்கொள்ளட்டும், அவள் மேல் பிழை இல்லை. இனி உங்களிடம் வாங்க என்னால் முடியாது.

எங்கள் பெண் ஒவ்வொரு நாளும் வெட்டு முடிந்து வரும்போது, “தகவல் வந்திச்சா ஐயா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சொன்னேன்.

“தபால்ல தொலைஞ்சிபோச்சு புள்ள.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“அந்தம்மா என்ன சொல்றாங்க?”

“அவங்க என்ன சொல்வாங்க. சாமான் வரல்ல, மிச்சக் காசு தர மாட்டாங்க. இனி வேண்டாமாம்.”

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். கறுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “வாங்கிக்கிட்டு வரலன்னு சொல்றாங்களோ என்னவோ” என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சொல் போதும். அதையும் சொல்லாமல், தன் பணத்தை விட்டுக்கொடுத்த ஒரு பெண்ணைத் திருடியாக்கினேன்.

மூன்று வாரத்தில் அவள் குவைத்துக்குப் போனாள். பிள்ளைகள் தங்கையிடம். போகும்போது சந்தியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, “ஒடம்ப பாத்துக்குங்க ஐயா, நீங்க எனக்காக எவ்வளவோ பண்ணீங்க” என்றாள்.

அழிப்பது என்றால் எப்படி அழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எரிப்பார்களா, ஆழக் குழிதோண்டிப் புதைப்பார்களா? நான் பார்த்திராத ஒரு சூளை பகலிலும் கண்முன் வரும். விதைகள் உள்ளே வெடிக்கும். பருப்பு இல்லாத விதை வெடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெடிக்கும். எதை எழுதினாலும் நகல் வைப்பது என் பழக்கம். படிவத்தில் எழுதியதன் நகல் மேசை இழுப்பறையில் கிடந்தது. இழுப்பறையைத் திறக்காமல் பேனா எடுக்கக் கற்றுக்கொண்டேன். இழுப்பறைக்குள் ஏதோ உருளுகிற சத்தம் ஒருநாள் கேட்டது. உள்ளே தாள் மட்டும்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் குவைத்திலிருந்து போன் செய்வாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. முதலில் தங்கைக்கு, பிறகு எனக்கு. இரண்டு வருஷம். ஒப்பந்தம் முடியப்போகும் நேரத்தில் கேட்டாள்.

“மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நிக்கச் சொல்றாங்க ஐயா. எனக்கு மனசில்ல. அந்த அவுஸ்திரேலியா அம்மாகிட்ட இன்னொரு வாட்டி கேட்டுப் பாப்பமா? அவங்க கள்ளியா இருந்தாலும் பரவாயில்ல, இந்த வாட்டி முழுக்காசையும் மொதல்ல வாங்கிக்குவோம். அவங்க சரின்னா நான் வந்திருவேன்.”

“பாப்போம் புள்ள” என்றேன்.

அடுத்த வெள்ளி, “கேட்டீங்களா ஐயா?” என்றாள். “இன்னும் இல்ல.” அதற்கடுத்த வெள்ளி கைவலி என்றேன். கை வலிக்கவில்லை. மூன்றாவது வெள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூரையில் விதை விழுந்துகொண்டிருந்தது. அவள் குரல் வந்தது.

“ஐயா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நேத்துதான் கடைசி நாள். நீங்க ஒன்னும் சொல்லல்ல, அதனால அது சரிவராதுன்னு வெளங்கிக்கிட்டேன்.”

அப்போது சொன்னேன். அன்பளிப்பு என்று எழுதியது, விதை என்று எழுதாதது, அந்தப் பெண் எழுதிய கடிதம், முப்பது நாள், ஒரு பக்கம், தொலையவில்லை என்பது. ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் அரபு மொழியில் யாரோ ஒரு குழந்தை கூப்பிடுவது கேட்டது.

பிறகு, “நாப்பதையும் அழிச்சிட்டாங்களா?” என்றாள்.

“ஆமா.”

“கொட்டை ஒவ்வொன்னையும் ஆட்டிப் பாத்தேனே ஐயா.”

“தெரியும் புள்ள.”

“தெரிஞ்சுதானே செஞ்சீங்க. எங்கம்மா சொல்லும். ஐயாவுக்கு கொறைச்சே எழுதுற கைன்னு. நான்தான், அது தோட்டத்துக்காக எழுதுனது, நமக்காக எழுதுனா சரியா எழுதுவாருன்னு சொல்லுவேன்.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அந்த அவுஸ்திரேலியா அம்மா காசையும் விட்டுட்டாங்களா?”

“ஆமா. ஒம்மேல பிழை இல்லன்னு எழுதியிருந்தாங்க.”

“ரெண்டு வருஷமா அவங்கள திட்டிக்கிட்டு இருக்கேன் ஐயா. பாத்திரம் கழுவுறப்பெல்லாம்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “மொத மொதல்ல செஞ்ச மாலை ஒன்னு தங்கச்சிகிட்ட இருக்கு. அத அந்தம்மாவுக்கு அனுப்புங்க. சும்மா அனுப்ப வேண்டாம், அவங்களுக்கு நடந்தத எழுதிக் கேட்டு, வெலைக்குத்தான் அனுப்பணும். எல்லாத்தையும் உள்ளபடி எழுதுங்க. எழுதுனத போட்டோ புடிச்சி எனக்கு அனுப்புங்க. நான் பாக்கணும்.”

அவுஸ்திரேலியாவுக்கு எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து, ‘ஒன்றை அனுப்புங்கள், பார்க்கலாம்’ என்று பதில் வந்தது. சான்றிதழுக்காக அதிகாலை பஸ்ஸில் கொழும்பு போய், அங்கிருந்து விமான நிலையத்துப் பக்கம் போனேன். அங்கிருந்த அதிகாரி இளம் பெண். மாலையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு விதையை வில்லைக் கண்ணாடியால் பார்த்து, காதருகே வைத்து ஆட்டினாள். எங்கள் பெண் செய்வதைப் போலவே. “சரி, உள்ளே ஒன்றும் இல்லை” என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு விண்ணப்பம், சிறிய கட்டணம். பகல் சாப்பாட்டுக்கு முன் தாள் என் கையில் இருந்தது. அலைய வேண்டும், மூன்று தடவை போக வேண்டும் என்றெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதைத்தான். வெளியே வந்து பஸ் தரிப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பகல் பொழுது. அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் நாலு வருஷம்.

தபால் கந்தோரில் படிவத்தை நிரப்பும்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். “மாத்தயா, அன்பளிப்பு என்று போடுங்கள். விலையைக் குறைத்துப் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.” நல்ல மனிதர், உதவி செய்யத்தான் சொன்னார். நான் விற்பனைப் பொருள் என்ற கட்டத்தில் சரி போட்டேன். இறப்பர் மர விதை, அவித்தது, பருப்பு நீக்கியது, செம்புக் கம்பி, பதினைந்து. விலையை முழுதாக எழுதினேன். அவளுக்குப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.

ஐந்து வாரத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்தது. பொதியைத் திறந்து பார்த்தார்களாம், ஒட்டி அனுப்பிவிட்டார்களாம். ஒரு செலவும் இல்லை. மாலை அழகாக இருக்கிறது, செய்தவள் திரும்பி வந்ததும் சொல்லுங்கள், நாற்பது எடுப்பேன் என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தை அப்படியே வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்.

“எல்லாத்தையும் வாசிச்சீங்களா? ஒன்னும் விடலையே?”

“ஒன்னும் விடல்ல.”

“சரி.” பிறகு, “இன்னும் ஒரு வருஷமும் எட்டு மாசமும் இருக்கு ஐயா” என்றாள். அதற்குள் நான் இருப்பேனா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. “அந்தம்மா அட்ரஸையும், படிவத்துல என்னென்ன எழுதணுமுன்னும் பெரியவளுக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருங்க. அவ இங்கிலீசு படிக்கிறா. இனிமே நாங்களே எழுதிக்கிறோம்.”

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாங்களே என்ற அந்தச் சொல்லில் நான் இல்லை. இருக்கவும் கூடாது. இப்போதும் என்னோடு பேசுகிறாள், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். ஐயா என்றுதான் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதில்லை.

இந்த வருஷமும் வெயில் வந்துவிட்டது. இன்று மத்தியானம் நூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது.